மழையில் வழுக்காத வாசல்படிக்கு எந்தக் கல்?

தண்டையார்பேட்டையில் வீடு கட்டுகிறோம். படி, தரை, சுற்றுச்சுவருக்குக் கிரானைட்டா, கடப்பாவா? எது வழுக்காது, எதற்குச் செலவு குறைவு?

வெளிப்படிக்கு, தீயில் வாட்டிய கிரானைட்டைத்தான் போட வேண்டும். கடைகளில் ‘ஃபிளேம்’ என்பார்கள். அறுத்த கல்லின்மேல் கடும் தீச்சுடரைக் காட்டினால் மேல்துகள்கள் வெடித்து உதிர்ந்து, கல் சொரசொரப்பாகிவிடும். பாலிஷ் கல்லில் மழைநீர் படலமாக நின்று பாதத்தைப் பதியவிடாது. வாட்டிய கல்லிலோ நீர் பள்ளங்களில் இறங்கிவிட, மேடுகள் பாதத்தைப் பிடித்துக்கொள்கின்றன. ஈரச் சாலையில் தேய்ந்த டயருக்கும் புது டயருக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். மெல்லிய பலகையை வாட்டினால் விரிசல் விடும், 20 மி.மீ. கனத்துக்குக் குறையாமல் வாங்குங்கள்.

கடப்பா விலை குறைவு. ஆனால் அது சுண்ணாம்புக் கல். ஒருமுறை ஆசிட் ஊற்றிக் கழுவினாலும் நுரைத்து, வெளுத்துத் திட்டாகிவிடும். சோப்புத் தண்ணீரோடு நிறுத்திக்கொள்பவர்கள் பின்கட்டுக்குத் தாராளமாகப் போடலாம். ஈரம் படாத கூடத்துக்குப் பாலிஷ் கிரானைட் போதும், துடைப்பதும் எளிது.

சுற்றுச்சுவரில் கிரானைட் பலகை ஒட்டுவது வீண்செலவு என்பேன். தரைக்குமேல் ஒன்றரை அடிவரை கருங்கல் கட்டி, அதன்மேல் செங்கல் எழுப்புங்கள்; நம் கடலோர மண்ணின் உப்பு ஈரம் ஏறிப் பூச்சு உதிர்வது குறையும்.

கிரானைட் என்றாலே வழுக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். வழுக்குவது பாலிஷ்தான், ஏற்கெனவே போட்ட படியின் முனையில் இரண்டு மூன்று கோடுகள் வெட்டினாலே அதற்கும் பிடிப்பு வந்துவிடும்.