சம்பளம் எட்டடி, வரி பதினாறடி: கேள்வி பதில்

பழைய வரிமுறையில்தான் இருக்கிறேன். 13 வருஷமாக விலைவாசி ஏறிய அளவுக்குச் சம்பளமும் ஏறியது. ஆனாலும் கையில் நிற்பது குறைகிறதே, ஏன்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2012-13இல் உங்கள் வரிக்குரிய வருமானம் 8 லட்சம் என்று வையுங்கள். அப்போது 2 லட்சம் வரை வரி இல்லை, 5 லட்சம் வரை 10%, 10 லட்சம் வரை 20%. செஸ்ஸை விட்டுவிட்டால் வரி 90,000 ரூபாய். நூற்றுக்குப் பதினொன்றேகால்.

வருமான வரிக்காக வருஷா வருஷம் அறிவிக்கும் பணவீக்கக் குறியீடு அந்த ஆண்டு 200. 2025-26இல் 376. ஆக, அன்றைய 8 லட்சம் இன்றைக்கு 15,04,000. வீட்டுக்கு வரும் அரிசி பருப்பு ஒரு பிடி கூடவில்லை. ஆனால் பழைய முறையில் இதற்கு வரி 2,63,700 ரூபாய், நூற்றுக்குப் பதினேழரை. அடித்தட்டில் சில சலுகை கொடுத்தார்கள், உண்மைதான். 30% தொடங்கும் 10 லட்சத்தை மட்டும் 2012இல் வைத்த இடத்திலேயே விட்டுவிட்டார்கள். அன்று உங்களுக்கு அது எட்டாத உயரம். இன்று அதைத் தாண்டி 5 லட்சம் போய்விட்டீர்கள்.

2012இன் வரம்புகளையும் இதே குறியீட்டால் நகர்த்தியிருந்தால் 2 லட்சம் 3.76 ஆகியிருக்கும், 5 லட்சம் 9.4, 10 லட்சம் 18.8. வரி 1,69,200 வரும். அதே பதினொன்றேகால். கையில் குறைகிறது என்றீர்களே, அது இந்த 94,500 ரூபாய் வித்தியாசம்தான்.

2010இல் வாங்கிய மனையை விற்கப் போகிறேன். இண்டெக்ஸேஷனை எடுத்துவிட்டார்கள் என்றார்களே?

இங்கே பேசுவது சம்பள வரம்பைப் பற்றி, உங்களுடையது வேறு விஷயம். இருந்தாலும் சொல்கிறேன்: 2024 ஜூலை 23க்கு முன் வாங்கிய மனை என்பதால், இந்தியாவில் வசிக்கும் தனிநபர் இரண்டு விதமாகவும் கணக்குப் போடலாம். வாங்கிய விலையைப் பணவீக்கக் குறியீட்டால் ஏற்றிக் கணக்கிட்ட லாபத்துக்கு 20%, ஏற்றாத லாபத்துக்கு 12.5%. இந்த ஏற்றுதல்தான் இண்டெக்ஸேஷன். எது குறைவோ அதைக் கட்டினால் போதும். மனையின் விலைக்குப் பார்த்த பணவீக்கத்தைச் சம்பள வரம்புக்கு மட்டும் பார்க்கவில்லை என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

10 லட்சத்தைத் தாண்டினால் மொத்தத்துக்கும் 30% பிடிப்பார்கள். இன்கிரிமென்ட்டைத் தள்ளிப்போடுவது நல்லதுதானே?

மொத்தத்துக்கும் இல்லை. தாண்டிய பகுதிக்கு மட்டும்தான். அதற்காகச் சம்பள உயர்வை விடாதீர்கள்.

ஆனால் உங்கள் பயம் ஓரளவு பலிக்கும் இடம் ஒன்று உண்டு, அது புதிய முறையின் 12 லட்சம். ஒருவரின் வரிக்குரிய வருமானம் 11,80,000 என்றால் தள்ளுபடி போக வரி பூஜ்யம். 8% உயர்ந்து 12,74,400 ஆனால் தள்ளுபடி போய்விடுகிறது. வரி 71,160, செஸ்ஸோடு 74,006. கூடுதலாக வந்த 94,400இல் மிஞ்சுவது 20,394தான். விலைவாசி 5% ஏறியிருந்தால், சம்பளம் கூடியும் அவர் முன்பைவிட ஏழை. இந்த 12 லட்சமும் தானாக நகராது. வருஷா வருஷம் புதிதாகச் சிலர் இதில் வந்து முட்டுவார்கள்.

அதுதான் புதிய முறையில் வரியைக் குறைத்துவிட்டார்களே, இன்னும் எதற்குப் புலம்பல்?

குறைத்ததை நான் மறுக்கவில்லை. அதே 15,04,000க்குப் புதிய முறையில் 1,05,600தான். 80சி போன்ற கழிவுகளை இழந்தாலும் பலருக்கு லாபமே. வரம்பை நகர்த்தியிருந்தால் வந்திருக்கும் வரியைவிடவும் இது குறைவு. ஆனால் இது ஒரு பட்ஜெட்டில் கொடுத்தது. அடுத்த ஆண்டே மறுபடி அரிக்கத் தொடங்கும். அமெரிக்காவில் 1981இல் சட்டம் போட்டு, 1985 முதல் வரம்புகள் ஆண்டுதோறும் தானாகவே நகர்கின்றன. பிரிட்டனில் வரியில்லா 12,570 பவுண்டு வரம்பை 2021இலிருந்து உறையவைத்திருக்கிறார்கள். விகிதத்தைத் தொடாமலே வசூல் கூடுகிறது.

நீங்கள் எடுத்த குறியீடு, நகர்ப்புற நுகர்வோர் விலை உயர்வில் 75% மட்டுமே காட்டுவது. உங்கள் 15,04,000 குறைவாக இல்லையா?

பிடித்துவிட்டீர்கள், குறைவுதான். உண்மையான அரிப்பு நான் காட்டியதைவிட அதிகம். அதே சிக்கல் வரம்பை நகர்த்தும்போதும் வரும். மெதுவாக ஏறும் குறியீட்டோடு வரம்பைக் கட்டினால் ஓட்டை முழுசாக அடைபடாது. அமெரிக்காவே 2017 சட்டத்தில் அப்படி மெதுவாக ஏறும் ஒன்றுக்கு மாறியது.

அப்புறம், விலையைவிடச் சம்பளம் வேகமாக ஏறினால், சரியான குறியீடு வைத்தாலும் மேல் வரம்புக்குப் போகத்தான் செய்வோம். வாங்கும் சக்தி கூடியிருக்கிறதே, கட்டட்டும் என்பது என் கட்சி. என்னோடு வேலை பார்க்கும் ஆடிட்டர், வரம்பைச் சம்பள உயர்வோடுதான் கட்ட வேண்டும் என்கிறார். இருவரும் இன்னும் ஒத்துப்போகவில்லை.