நீண்ட நாள் உடல்நலமில்லாத ஊழியருக்கு விடுவிப்புக் கடிதம்

கேள்வி: கோவையில் சின்ன கம்பெனி. 4 வருடம் 2 மாதம் ஆன லேத் ஆபரேட்டர், பக்கவாதம் வந்து 10 மாதமாக வரவில்லை. இனி அந்த வேலை முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மரியாதையாக எப்படிக் கடிதம் எழுதுவது? ராஜினாமா வாங்கிவிடலாமா?

ராஜினாமா வாங்காதீர்கள். கௌரவமாகப் போகட்டும் என்று நல்ல எண்ணத்தில்தான் பலரும் அதைக் கேட்கிறார்கள், ஆனால் அடிபடுவது அவருடைய கிராஜுவிட்டி. சாதாரணமாக விலகினால் 5 வருடம் முடிந்திருக்க வேண்டும். இறப்பாலோ, முன்பு செய்துவந்த வேலையைச் செய்ய முடியாத உடல்நிலையாலோ வேலை முடிந்தால் அந்த 5 வருடக் கணக்கு கிடையாது. 'சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்' என்று அவர் கையெழுத்துப் போட்டுவிட்டால் பிறகு அதை நிரூபிக்க அந்தக் குடும்பம்தான் அலைய வேண்டும்.

கணக்கு பெரிதில்லை. கிராஜுவிட்டிக்கு எடுக்கும் மாதச் சம்பளம் 26,000 என்றால் அதை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்க 15,000 வரும். அது ஒரு வருடத்துக்கு. மிச்சமுள்ள 2 மாதம் ஆறு மாதத்தைத் தாண்டாததால் சேராது, ஆக 4 வருடத்துக்கு 60,000 ரூபாய், 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும்.

ஆகவே கடிதத்தில் உயிர்நாடி காரணம் சொல்லும் வரிதான். நான் இப்படி எழுதுவேன்:

"தாங்கள் உடல்நலக் குறைவால் ___ தேதி முதல் பணிக்கு வர இயலவில்லை. ___ தேதியிட்ட மருத்துவச் சான்றின்படி, இதுவரை தாங்கள் செய்துவந்த லேத் ஆபரேட்டர் பணியைத் தொடர்ந்து செய்ய இயலாத நிலையில் உள்ளீர்கள். தங்களுக்குப் பொருந்தும் மாற்றுப் பணி குறித்து ___ அன்று தங்களுடன் பேசினோம். இந்தக் காரணத்தால் மட்டுமே ___ முதல் தாங்கள் பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறீர்கள். தங்கள் நடத்தை குறித்தோ வேலை குறித்தோ எந்தக் குறையும் இல்லை."

நோயின் பெயர் இதில் இல்லை, கவனித்தீர்களா? இந்தத் தாளை அவர் பேங்கில் காட்டுவார், பி.எஃப். ஆபீசில் காட்டுவார், பக்கவாதம் என்று எல்லோரும் படிக்கத் தேவையில்லை. 'நீண்டகாலம் வராததால்' என்றும் எழுதாதீர்கள், அது சொல்லாமல் நின்றவர் மேல் எடுத்த நடவடிக்கை மாதிரி இருக்கும். மாற்றுப் பணி வரியை உண்மையில் பேசியிருந்தால் மட்டும் போடுங்கள். ஸ்டோர்ஸிலோ கேட்டிலோ உட்கார்ந்து பார்க்கிற வேலை இருந்தால் முதலில் அதைக் கேட்டுவிடுங்கள்.

அதன் கீழே தொகைகள்: ஒரு மாத நோட்டீஸ் சம்பளம், மிச்ச விடுப்புக்கான பணம், கிராஜுவிட்டி, ஒவ்வொன்றும் தனி வரியில், தரும் தேதியோடு. 'விதிப்படி தரப்படும்' என்று மொத்தமாக முடிப்பது எனக்குப் பிடிக்காது, படுக்கையில் இருக்கிறவர் எந்த விதியைத் தேடுவார்? பி.எஃப். தளத்தில் விலகல் காரணம் பதியும்போதும் கடிதத்தோடு முரண்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், அவர் இ.எஸ்.ஐ.யில் இருந்து இப்போதும் நோய்க்கால உதவித்தொகை வாங்கிக்கொண்டிருந்தால் கடிதத்தை நிறுத்தி வையுங்கள். அந்தக் காலத்தில் வேலையை விட்டு நீக்கினால் செல்லாமல் போகலாம்.