பிராண்டா, டிஜிட்டலா, பிராடக்டா? பெங்களூரு வாசகர்களின் கேள்விகள்

எம்பிஏ மார்க்கெட்டிங் இரண்டாம் ஆண்டு. பிராண்ட், டிஜிட்டல், ஆராய்ச்சி, பிராடக்ட் என்று நாலு பக்கமும் இழுக்கிறார்கள். எதை வைத்து முடிவு செய்வது, சார்? (அல்சூர்)

சம்பளத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு ஒரு கணக்கைப் பாருங்கள். ஒரு சின்ன கம்பெனி ஆன்லைனில் சத்துமாவு விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். விளம்பரத்துக்கு 1 லட்சம் ரூபாய் போடுகிறார்கள். ஒரு கிளிக்குக்கு 20 ரூபாய் வீதம் 5,000 பேர் வருகிறார்கள், அதில் 100 பேர் வாங்குகிறார்கள். அதாவது ஒரு வாடிக்கையாளரைப் பிடிக்க 1,000 ரூபாய். ஒரு ஆர்டர் சராசரியாக 800 ரூபாய். மாவு, பேக்கிங், டெலிவரி எல்லாம் போக கையில் நிற்பது 320. அந்த ஆள் நாலாவது முறை வாங்கும்போதுதான் போட்ட காசு திரும்பும்.

இதே கணக்கை நாலு பேரும் நாலு விதமாகப் பார்ப்பார்கள். டிஜிட்டல் ஆள், 20 ரூபாய் கிளிக்கை 14 ஆக்க முடியுமா என்று பார்ப்பார். பிராடக்ட் ஆளுக்கு, வந்த 4,900 பேர் எந்தப் பக்கத்தில் வெளியேறினார்கள் என்பதுதான் கவலை. வாங்கிய 100 பேர் ஏன் திரும்பி வரவில்லை என்று ஆராய்ச்சிக்காரர் அவர்களிடமே போய்க் கேட்பார். பிராண்ட் ஆளின் கேள்வி இன்னும் மெதுவானது: விளம்பரமே இல்லாமல் நம் பெயரைச் சொல்லித் தேடி வருகிறவர்கள் ஏன் இத்தனை குறைவு?

முதல் இரண்டு கேள்விகளுக்கும் சில நாட்களிலோ வாரங்களிலோ விடை தெரிந்துவிடும். பிராண்ட் கேள்விக்கு வருஷக்கணக்காகலாம். பலருக்கு ஒத்துவராமல் போவது இந்த வேகம்தான். தினமும் காலையில் எண்ணைப் பார்க்காவிட்டால் கை அரிக்கும் ஆளா நீங்கள்? பிராண்ட் வேலையில் சலித்துப்போவீர்கள்.

பிராண்ட் மேனேஜர் ஆக ஆசை. ஆனால் கிடைத்திருப்பது ஹூப்ளி ஏரியா சேல்ஸ் வேலை. போகலாமா? (கம்மனஹள்ளி)

சோப்பு, பிஸ்கட், எண்ணெய் மாதிரிப் பொருட்கள் விற்கும் பெரிய கம்பெனி என்றால் போங்கள். அங்கே பிராண்ட் மேனேஜர் ஆகிறவர்களில் பலர் முதலில் சேல்ஸில் இருந்தவர்கள்தான். விநியோகஸ்தரிடம் நாம் தள்ளிய சரக்கு வேறு, அவரிடமிருந்து கடைக்குப் போன சரக்கு வேறு. மாதக் கடைசியில் டார்கெட்டுக்காக அவர் குடோனை நிரப்பிவிட்டால், ஆபீஸ் அறிக்கையில் விற்பனை பிரமாதமாகத் தெரியும். ஆனால் கடை அலமாரியில் ஒன்றும் நகர்ந்திருக்காது. அடுத்த மாதம் அவரிடமிருந்து ஆர்டர் குறையும்போது, இதை நேரில் பார்க்காத பிராண்ட் மேனேஜர் நல்ல விளம்பரத்தின் மேலேயே பழி போடுவார்.

சேருமுன் ஒன்று கேளுங்கள்: கடந்த சில வருடங்களில் சேல்ஸிலிருந்து பிராண்டுக்கு மாறியவர்கள் யார், எவ்வளவு காலத்தில்? ஒருவரைக்கூடக் காட்ட முடியவில்லை என்றால் அது சேல்ஸ் வேலை மட்டுமே. இன்னொன்று, இந்த வேலைகளுக்கு மும்பைதான் பெரிய ஊர். இந்துஸ்தான் யூனிலீவர், மாரிகோ, கோத்ரெஜ் எல்லாம் அங்கேதான். பெங்களூரில் பிரிட்டானியா, டைட்டன் போன்றவை உண்டு. ஆனாலும் மும்பைக்கு மாறவே மாட்டேன் என்றால் வாய்ப்பு பாதியாகிவிடும்.

கூகுள் ஆட்ஸ் சான்றிதழ் வாங்கினால் டிஜிட்டல் வேலை கிடைக்குமா? (பொம்மனஹள்ளி)

அது இலவசம், ஒரு வருஷம்தான் செல்லும். எல்லாரிடமும் இருக்கிறது. தெரிந்த பேக்கரிக்கோ ட்யூஷன் சென்டருக்கோ 5,000 ரூபாயில் ஒரு விளம்பரம் ஓட்டிப் பாருங்கள். எந்தத் தேடல் சொல்லில் காசு வீணானது, எதை நிறுத்தினீர்கள் என்று நேர்காணலில் சொல்ல முடிந்தால் போதும்.

ஆராய்ச்சிக்குப் புள்ளியியல் படித்திருக்க வேண்டுமா?

அடிப்படை போதும். மக்களிடம் பேசிப் புரிந்துகொள்ளும் பிரிவில் மொழி பெரிய பலம். தமிழும் கன்னடமும் சரளமாக வந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.

இன்ஜினியரிங் படிக்கவில்லை. பிராடக்ட் மேனேஜர் ஆகலாமா, மேடம் ஒருவர் முடியாது என்றார். (மாரத்தஹள்ளி)

முடியும், ஆனால் நேரடியாக நுழைவது கஷ்டம். வாடிக்கையாளர் சேவை, டேட்டா, பிராடக்ட் மார்க்கெட்டிங் என ஏதாவது ஒரு வாசல் வழியாக, அதே கம்பெனிக்குள் மாறுகிறவர்கள்தான் அதிகம். டேட்டாபேஸிலிருந்து வேண்டிய தகவலை எடுக்க உதவும் எஸ்க்யூஎல் கற்றுக்கொள்ளுங்கள்.

அப்புறம், சோதனை முடிவுகளைப் படிக்கப் பழகுங்கள். சத்துமாவுக் கதையில், வந்த 5,000 பேரில் பாதிப் பேருக்குப் புதிய பக்கம் காட்டினோம் என்று வையுங்கள். பழைய பக்கத்தில் 50 பேர் வாங்கினார்கள், புதியதில் 62. ஜெயித்துவிட்டோம் என்று தோன்றும். ஆனால் இந்த அளவு வித்தியாசம் தற்செயலாகவே வரக்கூடியது. 2 சதவீதம் 2.5 ஆனதா என்று நம்பிச் சொல்ல, ஒவ்வொரு பக்கத்துக்கும் ஏறக்குறைய 14,000 பேர் வேண்டும். நேர்காணலில் இதைக் கேட்டால், 'இன்னும் சில வாரம் ஓடட்டும்' என்று சொல்கிறவருக்கு இன்ஜினியரிங் பட்டம் இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை.