மெர்ச்சன்டைசர் எடுக்க எந்த இன்டர்வியூ, எந்த டெஸ்ட்?

கேள்வி: திருப்பூரில் சிறிய பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் நடத்துகிறேன். மெர்ச்சன்டைசர் வேலைக்கு இரண்டு வருடத்தில் மூன்று பேரை எடுத்தேன். இன்டர்வியூவில் அருமையாகப் பேசினார்கள். வேலைக்கு வந்தபின் பையருக்குப் பதில் போகாது, தேதி தவறும். ஒரு கன்சல்டன்ட், ஆளுக்கு 1,500 ரூபாயில் சைக்கோமெட்ரிக் டெஸ்ட் வைத்தால் சரியான ஆள் கிடைப்பார் என்கிறார். ஸ்ட்ரெஸ் இன்டர்வியூவும் வைக்கச் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். உங்களுக்குத் தேவை ஒரு மணி நேர வேலை மாதிரித் தேர்வு, அதன்பின் எல்லோருக்கும் ஒரே கேள்விகள் கொண்ட இன்டர்வியூ. கன்சல்டன்டுக்குக் கொடுக்க வைத்திருந்த பணம் அப்படியே மிச்சம்.

மூன்று பேரும் நன்றாகப் பேசினார்கள் என்கிறீர்கள். நீங்கள் சோதித்தது பேச்சைத்தான், அதில் அவர்கள் தேறிவிட்டார்கள். பையருக்கும் ஃபேக்டரிக்கும் நடுவில் நின்று ஆர்டரை நடத்தும் மெர்ச்சன்டைசரின் வேலையோ பாதி மெயிலிலும் பாதி துணிக்குச் சாயமேற்றும் டையிங்கிலும் நடக்கிறது. காகிதத்தில் முரண் இருந்தால் கண்ணில் பட வேண்டும், தாமதம் வரப்போவது தெரிந்த அன்றே பையருக்குச் சொல்ல வேண்டும். இந்த இரண்டையும் செய்யச் சொல்லிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

முடிந்துபோன பழைய ஆர்டர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து பையரின் ஆர்டர் தாளான பிஓ, துணி, அளவு விவரங்கள் கொண்ட டெக் பேக், பையர் மெயில், எந்த வேலை எந்தத் தேதியில் என்று காட்டும் டி அண்ட் ஏ காலண்டர் நான்கையும் பிரின்ட் எடுத்து, உள்ளே மூன்று பிழைகளைப் புதைத்து வையுங்கள். பிஓவில் மொத்தம் 6,000 பீஸ். சைஸ் வாரியாக 900, 1,800, 1,900, 1,200. கூட்டிப் பார்த்தால் 5,800தான் வரும். டெக் பேக்கில் துணி 180 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 180 கிராம், மெயிலில் 160. ஒரு டீ-ஷர்ட்டுக்கு 200 கிராம் துணி என்று 180-க்குக் கணக்குப் போட்டிருந்தால், இந்த ஒரு வித்தியாசத்தில் நூறு கிலோவுக்கு மேல் துணி மாறிப்போகும். மூன்றாவதாக, காலண்டரில் கட்டிங் 10-ம் தேதி ஆரம்பம், டையிங்கிலிருந்து துணி வருவது 12-ம் தேதி.

விண்ணப்பித்தவரை உட்கார வைத்து, "இந்த ஆர்டர் இன்று உங்கள் கைக்கு வந்திருக்கிறது. பையருக்கு அனுப்ப வேண்டிய மெயிலை எழுதுங்கள், உள்ளே யாரிடம் என்ன கேட்பீர்கள் என்பதையும் எழுதுங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள். பிழை இருக்கிறது என்று சொல்லிவிடாதீர்கள். மூன்றையும் பிடித்து, 12-ம் தேதி சிக்கலுக்கு ஒரு வழியும் எழுதியவருக்கு 5. பிழைகளைப் பிடித்தும் பையரிடம் எதுவும் கேட்காமல் விட்டவருக்கு 3. மெயிலை அழகான ஆங்கிலத்தில் எழுதி, 5,800-ஐக் கவனிக்காமல் போனவருக்கு 1. உங்களிடமிருந்து போன மூவரும் இந்தக் கடைசி வகையாகத்தான் இருந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

3-க்கு மேல் வாங்கியவர்களை மட்டும் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டால் போதும். அங்கே ஐந்து கேள்விகள், எல்லோருக்கும் அதே வரிசையில். "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" அதில் வேண்டாம். நடந்ததைக் கேளுங்கள்: "கடைசியாக எந்த ஷிப்மென்ட் தாமதமானது? உங்களுக்கு எப்போது தெரிந்தது? பையருக்கு எப்போது சொன்னீர்கள்?" தேதி, காரணம், தான் செய்தது மூன்றையும் சொல்பவருக்கு அதிக மதிப்பெண். "நாங்கள் டீமாகச் சமாளித்தோம்" என்பவரிடம், நீங்கள் என்ன செய்தீர்கள் என்று ஒரு முறை திரும்பக் கேளுங்கள். அப்போதும் தெளிவு இல்லையென்றால் குறைத்துப் போடுங்கள். எது 5, எது 3, எது 1 என்பதை இன்டர்வியூவுக்கு முன்பே தாளில் எழுதி வைத்திருக்க வேண்டும்.

நீங்கள், புரொடக்ஷன் மேனேஜர், இன்னொருவர் என மூன்று பேர் உட்காருங்கள். பேசிக்கொள்வதற்கு முன் தனித்தனியாக மதிப்பெண் எழுதுங்கள். முதலாளி முதலில் "பையன் நல்லா இருக்கான்" என்று சொல்லிவிட்டால் மற்ற இருவரின் மதிப்பெண்ணும் அங்கேயே முடிந்துவிடும். ஆள் தேர்வு முறைகள் மீதான பழைய ஆய்வுகளை உளவியலாளர் பால் சாக்கெட் குழுவினர் 2022-ல் மறுபடி அலசினார்கள். இப்படிக் கட்டமைத்த இன்டர்வியூவுக்கும் பிற்கால வேலைத் திறனுக்கும் உள்ள தொடர்பு 0.42, மனம் போன போக்கில் கேட்கும் இன்டர்வியூவுக்கு 0.19 என்று கண்டார்கள். பூஜ்யம் என்றால் தொடர்பே இல்லை, ஒன்று என்றால் முழுத் தொடர்பு.

ஸ்ட்ரெஸ் இன்டர்வியூ என்பது வேண்டுமென்றே அவமானப்படுத்திப் பார்ப்பது. நல்ல ஆள் அடுத்த கம்பெனிக்குப் போய்விடுவார், அவ்வளவுதான்.

இனி அந்த 1,500 ரூபாய். சிறு நிறுவனங்களிடம் இப்படி விற்கப்படுவது பெரும்பாலும் ஆளை நாலு நிறமாகவோ பதினாறு வகையாகவோ பிரிக்கும் டெஸ்ட். ராசிபலன் போல யார் படித்தாலும் "ஆமாம், நான் இப்படித்தான்" என்று தோன்றும். அந்தப் பதினாறு வகை டெஸ்டான மையர்ஸ்-பிரிக்ஸை வெளியிடும் நிறுவனமே அதை ஆள் எடுக்கப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. நம் ஊர் ஏஜென்ட் இதைச் சொல்ல மாட்டார். இந்த வகை டெஸ்டுகள் பலவற்றில் "இந்த நான்கில் உங்களுக்கு மிகவும் பொருந்துவது எது" என்று கேட்பார்கள். அதன் விடை ஒருவருக்குள் எது அதிகம், எது குறைவு என்று காட்டுமே தவிர, இரண்டு பேரை ஒப்பிட உதவாது. உங்களுக்கு வேண்டியதோ ஒப்பீடுதான். அப்புறம், வேலை தேடி வந்தவர் "நான் பொறுப்பானவன்" என்ற கட்டத்தில் டிக் போடாமல் என்ன செய்வார்?

கன்சல்டன்டின் கணக்கும் தெரிந்திருக்கட்டும். ஆள் சேர்ந்ததும் அவருக்கு வருடச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம் என்பது வழக்கமான பேச்சு. மாற்று ஆள் தரும் காலம் பெரும்பாலும் 90 நாள். உங்கள் பிரச்சினை வெளியே தெரிவதோ இரண்டாவது சீசனில். இதில் சிலர் முதல் ஆளிடம் உங்கள் கேள்விகளை விசாரித்து அடுத்த ஆளுக்குச் சொல்லியும் கொடுப்பார்கள். அதனால் பிழைகளை மாற்றி மாற்றிப் புதைத்து இரண்டு மூன்று தாள்கள் வைத்திருங்கள்.

ஒரே ஒரு விலக்கு: அனுபவமே இல்லாத புதியவர். அவரிடம் இந்தத் தாளைக் கொடுப்பது அநியாயம். சாய நிறத்தைச் சரிபார்க்கும் துணி மாதிரியான லேப் டிப் என்றால் என்ன என்றே கேட்டிருக்க மாட்டார், தவறு அவருடையதும் அல்ல. கல்லூரியில் இன்டர்வியூ வகைகளைப் பட்டியலிட்டுப் பத்து மார்க் வாங்கக் கற்றுத் தருகிறார்கள், ஒரு பிஓவைக் கையில் கொடுப்பதில்லை. பிளேஸ்மென்ட் பயிற்சியிலோ "என் பலவீனம், எதையும் நூறு சதவீதம் சரியாகச் செய்ய நினைப்பது" என்று எல்லோருக்கும் ஒரே பதில். எனவே புதியவரை அரை மணி நேரம் உட்கார வைத்து, டி அண்ட் ஏ என்றால் என்ன, பிஓவை எப்படிப் படிப்பது என்று உங்கள் ஆள் ஒருவர் சொல்லிக்கொடுக்கட்டும். சந்தேகம் கேட்கிறாரா, குறித்துக்கொள்கிறாரா என்று பாருங்கள். பிறகு எளிய தாள் ஒன்று கொடுங்கள். நீங்கள் அளப்பது அவர் எவ்வளவு சீக்கிரம் கற்கிறார் என்பதை. கூட்டல், சதவீதம், தேதிக் கணக்கு கொண்ட இருபது நிமிடத் திறன் தேர்வும் இவருக்கு வைக்கலாம், டெஸ்ட் என்ற பெயருக்குத் தகுதியானது அதுதான். இன்டர்வியூவில் நடந்ததைக் கேட்க முடியாது. "துணி இரண்டு நாள் தாமதம், மேனேஜர் ஊரில் இல்லை, பையர் போன் செய்கிறார், என்ன செய்வீர்கள்?" என்று நடக்கப்போவதைக் கேளுங்கள். இதற்கும் மதிப்பெண் முன்பே எழுதியிருக்க வேண்டும். ஒரே வேலைக்கு அனுபவசாலியும் புதியவரும் வந்தால் இரண்டு மதிப்பெண்களையும் ஒப்பிடாதீர்கள். எந்த வகை ஆள் வேண்டும் என்பதை விளம்பரம் கொடுக்கும் முன்பே முடிவு செய்யுங்கள்.

தாள் தயாரிக்கும்போது பையர் பெயரையும் விலையையும் அடித்துவிடுங்கள். வருகிறவர் நாளை உங்கள் பக்கத்துக் கம்பெனியில் சேரலாம். நடப்பு ஆர்டரைக் கொடுத்து இலவசமாக வேலை வாங்கவும் வேண்டாம், அது வந்தவருக்கு உடனே புரிந்துவிடும்.