ஓசை மட்டும் ஞாபகம் இருக்கிற பாட்டு எந்த மொழி? கேள்வி பதில்

138ஆம் நம்பர் பஸ்ஸில் கேட்ட வரி. “மகேஷ், இதே சந்தை வாங்கே” என்றுதான் காதில் நிற்கிறது. தமிழ் இல்லை என்று மட்டும் தெரியும். இந்தி மொழியா, சிங்களமா?

சிங்களம் என்றுதான் சொல்வேன். அர்த்தம் விளங்காத ஓசையைக் காது தனக்குத் தெரிந்த சொற்களாக மாற்றிவிடும். மகேஷும் சந்தையும் அப்படி உங்கள் காது கொண்டுவந்து போட்டவை. முதலில் அவற்றைக் கழற்ற வேண்டும்.

“மகேஷ் இதே” என்பதில் வரும் “ஷ்” உண்மையில் ஒரு “ஹ” ஆக இருக்கலாம். சொல்லின் தொடக்கத்தில் “ஹ” வந்தால் தமிழ்க் காது அதை விழுங்கும், அல்லது பக்கத்து எழுத்தோடு ஒட்டிவிடும். அதைத் திருப்பிப் போட்டால் “மகே ஹிதே”. “என் மனதில்” என்பதற்குச் சிங்களத்தில் அப்படியே சொல்வார்கள். அடுத்தது “சந்தை”. சிங்களத்தில் நிலவைக் குறிக்கும் “சந்த” என்ற சொல்லில் “ந்” அரைகுறையாக மூக்கைத் தொட்டுவிட்டு ஓடிவிடும். நாங்கள் சந்தை என்னும்போது அந்த “ந்”இல் நின்று போகிறோம். இரண்டையும் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், வித்தியாசம் வாயிலேயே தெரியும். கடைசி “வாங்கே” என்பது “வகே”, “போல”. ஆக, “என் மனதில் நிலவைப் போல”. காதல் பாட்டுக்குப் பொருந்துகிறது, இல்லையா?

இந்தியாக இருந்தால் “மகே” நின்ற இடத்தில் “மேரா”, “மேரே” மாதிரி ஏதாவது வந்திருக்கும்.

அண்ணா, எல்லாச் சொல்லும் உயிரில் முடிந்தால் சிங்களம். இதுதானே சுலபமான வழி?

பாதி சரி, தம்பி. சிங்களத்தில் மல், கஸ், ரன் என்று மெய்யில் முடிகிற சொற்களும் நிறைய உண்டு. தெலுங்கும் பெரும்பாலும் உயிரில்தான் முடியும். ஆனால் தெலுங்கில் லு, டு, மு, னு என்று “உ” அடிக்கடி வந்துகொண்டே இருக்கும். சிங்களத்தில் அ, எ, இ அதிகம். பாடகர் இழுப்பதும் உயிரெழுத்தைத்தான் என்பதால், குறில் நெடிலை வைத்து எதையும் தீர்மானிக்காதீர்கள்.

பெரிய சொற்களை நம்புவதும் ஆபத்து. பிரேம, ஹ்ருதய எல்லாம் எல்லார் வீட்டிலும் இருக்கும். அவற்றின் வாலைப் பாருங்கள்: ஜீவிதே என்றால் சிங்களம், ஜீவிதம் என்றால் மலையாளமோ தெலுங்கோ, ஜீவன் என்றால் இந்தி பக்கம்.

எனக்கு வரியின் கடைசியில் “நேஹே” என்று கேட்டது. இந்தி “நஹி” தானே?

இங்கேதான் கனபேர் வழுக்குவார்கள். சிங்களத்திலும் இல்லை என்பதற்கு அப்படி ஒரு சொல் உண்டு. அதன் உயிர், ‘பாங்க்’ என்ற ஆங்கிலச் சொல்லை ஆங்கிலத்தில் உச்சரிக்கும்போது முதலில் வருகிற அகன்ற ஒலி. இரண்டு அசையிலும் அதுவே வரும். இந்திச் சொல் “ஈ”யில் முடியும், அதுவும் மூக்கால். உங்களுடையது இரண்டு அசையும் ஒரே மாதிரி ஒலித்தால் சிங்களம். ஆனால் கேட்டு ஒரு கிழமை ஆகிவிட்டது என்றால் நான் பந்தயம் கட்ட மாட்டேன்.

பாட்டின் பெயரைக் கண்டுபிடிக்க மெட்டை முணுமுணுத்தால் போதாதா?

பெயர் வேறு, மொழி வேறு. மெட்டு மொழியைச் சொல்லாது. முதல் சிங்களப் பேசும்படம் 1947இல் தென்னிந்தியாவில் எடுக்கப்பட்டது. அதன் பிறகும் பல ஆண்டுகள் இந்தி, தமிழ் மெட்டுகளில் சிங்கள வரிகள் வந்தன. மெட்டு தெரிந்ததாக இருப்பதே உங்களைத் தவறான மொழிக்குக் கூட்டிப்போகும்.

செய்ய வேண்டியது இது: கேட்ட உடனே, அடுத்த பாட்டு தொடங்குமுன், போனில் உங்கள் வாயாலேயே ஒருமுறை பாடிப் பதிவு செய்யுங்கள். எழுத வேண்டாம். தமிழ் எழுத்தில் க-வும் க-தான், அதன் மென்மையான ஒலியும் க-தான். எழுதிய கணமே பாதித் தடயம் போய்விடும். அந்த முதல் பதிவை வைத்திருங்கள். நாலாவது முறை பாடும்போது அது தமிழாகிவிடும்.

தெஹிவளையில் மேல்மாடியில் மாலைதீவுக் குடும்பம். அவர்கள் போடும் பாட்டு சிங்களம் மாதிரியே இருக்கிறது, ஆனால் என் சிங்களத் தோழிக்கும் விளங்கவில்லையாம்.

அக்கா, அது திவெஹியாக இருக்கும். சிங்களத்துக்கு நெருங்கிய உறவு, அதனால்தான் அந்தச் சாயல். “ஃப” அடிக்கடி வருகிறதா என்று கேளுங்கள். சிங்களத்தில் “ப” நிற்கும் பல இடங்களில் அங்கே “ஃப”. தண்ணீருக்குச் சிங்களத்தில் “பென்” என்ற ஒரு சொல் உண்டு, அங்கே “ஃபென்”. “லோபி” என்று திரும்பத் திரும்ப வந்தால் முடிந்தது, அது காதல்.

எங்கள் அம்மம்மா ஒரு பைலா பாடுவா. “நோனா” என்ற சொல் மட்டும் நினைவு. போர்த்துக்கேயமா?

சொல்லின் வேர் போர்த்துக்கேயம், ஆனால் சிங்களத்தில் அது எப்போதோ வீட்டுச் சொல்லாகிவிட்டது. பைலாக்களில் சிங்களமும் உண்டு, பறங்கியரின் போர்த்துக்கேயக் கலப்பு மொழியான கிரியோலும் உண்டு. “நோனா”வுக்கு முன்னும் பின்னும் இருந்த சின்னச் சொல் ஒன்றாவது வேண்டும். அம்மம்மாவோடு கூடப் பாடிய யாராவது இன்னும் இருக்கிறார்களா?