ஐம்பதாம் ஆண்டுப் பேச்சு

அன்புள்ள ஐயா,

எங்களுக்குக் கல்யாணமாகி ஐம்பது வருஷம் நிறைகிறது. பிள்ளைகள் தேவகோட்டை வீட்டு வளவில் விழா வைத்திருக்கிறார்கள். நான் பேச வேண்டுமாம். பினாங்குக்குக் கப்பல் ஏறியவன் நான். மூன்று பிள்ளைகளையும் வளர்த்தது என் மனைவிதான். எழுதியதை இணைத்திருக்கிறேன். சரியாக இருக்கிறதா?

ஒரு வாசகர், தேவகோட்டை

அன்புள்ள நண்பருக்கு,

நான்கு பக்கத்தில் மூன்று உங்களைப் பற்றியே இருக்கிறது. எம்.வி. சிதம்பரம் கப்பலும் பினாங்குக் கடையும் படிக்கச் சுவாரசியம்தான், பேரப்பிள்ளைகளுக்குச் சாவகாசமாகச் சொல்லுங்கள். மேடையில் ஒரு வாக்கியம் போதும்.

நான்காம் பக்கத்தில் ‘குடும்ப விளக்கு’, ‘தியாகச் சுடர்’ என்றெல்லாம் வருகிறது. யார் வீட்டு விழாவிலும் அதை வாசிக்கலாம். ஆனால் அதற்கு நடுவே போகிறபோக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள். இளையவனுக்கு அம்மை போட்டிருந்ததை உங்கள் மனைவி, ஆச்சி, உங்களுக்குத் தெரிவிக்கவே இல்லை, தலைக்குத் தண்ணீர் விட்ட பிறகுதான் கடிதம் போட்டார் என்று. உங்கள் பேச்சே அதுதான்.

அந்த நாட்களில் நீங்கள் அங்கே இல்லை. அதனால் மூத்த மகளிடம் கேளுங்கள்: வேப்பிலை யார் பறித்து வந்தது, மற்ற இருவரையும் எங்கே படுக்க வைத்தார், ராத்திரி யார் விழித்திருந்தது. ஆச்சியிடமே கேட்டால் “அதெல்லாம் இப்ப எதுக்கு” என்று முடித்துவிடுவார். கிடைப்பதில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, கூட்டத்தைப் பார்க்காமல் அவரைப் பார்த்தே பேசுங்கள். ஏறக்குறைய இப்படி:

“நம்மளைத் தனிக்குடித்தனமா வேறு வச்ச மறு வருஷமே நான் கப்பல் ஏறிட்டேன். சின்னவனுக்கு அம்மை போட்டது, தண்ணி விட்டப்புறம் வந்த கடுதாசியிலதான் எனக்குத் தெரியும். நான் கவலைப்படக் கூடாதுன்னு அத்தனை ராத்திரியும் நீ தனியா முழிச்சிருந்திருக்கே. அப்ப நான் கேட்கலை. இப்பத்தான் மூத்தவ சொன்னா. பிள்ளைகளா, அப்பச்சி இல்லாத வீட்டுல ஆத்தாவுக்குத் துணையா இருந்தது நீங்க. உங்களுக்கும் என் நன்றி.”

பிள்ளைகளின் படிப்பு, உத்தியோகம், வெளிநாடு எதுவும் வேண்டாம். வந்திருப்பவர்களுக்குத் தெரியாததா? உறவினர் பெயர்களை வாசித்து நன்றி சொல்லும் வேலையையும் மகனிடம் விட்டுவிடுங்கள். விட்டுப்போன ஒரு பங்காளி அடுத்த கல்யாணம் வரை அதை மறக்கமாட்டார்.

பந்திக்கு முன்பே பேசிவிடுங்கள். இலை போட்டாயிற்று என்று தெரிந்தபின் வளவில் யாரும் காது கொடுக்கமாட்டார்கள். தாளில் பெரிய எழுத்தில், வரிக்கு வரி இடம் விட்டு எழுதிக்கொள்ளுங்கள். ‘தனியா’ என்ற இடத்தில் குரல் உடையும். உடைந்தால் சமாளிக்கப் பார்க்காதீர்கள், நின்று, தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள். பேசி முடித்ததும் மைக்கை மகனிடம் கொடுத்துவிடுங்கள், சாப்பிடக் கூப்பிடுவது அவர் பாடு.