ஃபுஸ்ஹாவும் ஆம்மிய்யாவும் ஒரே வாக்கியத்தில்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இரண்டு ஆண்டுகளாக எழுத்து அரபு, அதாவது ஃபுஸ்ஹா, படித்து வருகிறேன். செய்தித்தாள் ஓரளவு புரிகிறது. ஆனால் எகிப்தியத் தொலைக்காட்சி நேர்காணல்களைக் கேட்டால் குழப்பமே மிஞ்சுகிறது. பேராசிரியர்களும் மருத்துவர்களும் ஒரே வாக்கியத்துக்குள் ஃபுஸ்ஹாவையும் கெய்ரோவின் பேச்சுமொழியையும் கலந்து பேசுகிறார்கள். இந்தக் கலப்புக்கு விதி ஏதும் உண்டா? கற்பவன் இதில் எதைப் பின்பற்றலாம், எதைத் தொடக்கூடாது?

க., திருச்சி

அன்புள்ள க.,

விதி உண்டு. படித்த எகிப்தியர் எவரும் அதைப் பள்ளியில் கற்றதில்லை. என்றாலும் யாராவது அதை மீறினால் உடனே அவர்கள் காதில் உறுத்தும். எகிப்திய மொழியியலாளர் அல்-சயீத் பதவி 1973இல் வெளியிட்ட நூலில் தம் நாட்டின் அரபை ஐந்து படிகளாகப் பிரித்தார். மேலே மரபிலக்கிய ஃபுஸ்ஹாவும் அதற்கடுத்து இன்றைய ஃபுஸ்ஹாவும் இருக்கின்றன. கீழே எழுத்தறியாதோரின் பேச்சு இருக்கிறது. நடுவில் இருப்பது 'ஆம்மிய்யத்துல் முஸக்கஃபீன்', அதாவது படித்தவர்களின் பேச்சுமொழி. நீங்கள் தொலைக்காட்சியில் கேட்பது பெரும்பாலும் இந்த நடுப்படியைத்தான். இதன் பெயரிலேயே விடை இருக்கிறது: பதவி இதை ஆம்மிய்யா, அதாவது பேச்சுமொழி என்றே வகைப்படுத்துகிறார். ஆகவே இதன் எலும்புக்கூடு பேச்சுமொழி, மேலே பூசப்பட்ட சதை ஃபுஸ்ஹா.

ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொண்டு பார்ப்போம். சட்டப் பேராசிரியர் ஒருவர் நேர்காணலில் இப்படிப் பேசக்கூடும்: "ஃபில்-ஹகீகா, இல்-முஷ்கிலா தி மிஷ் முஷ்கிலத் கவானீன், தி முஷ்கிலத் தன்ஃபீஸ். யஅனி இல்-கானூன் மவ்கூத், பஸ் மஹத்திஷ் பியினஃப்பிஸு." உண்மையில் இது சட்டங்கள் இல்லாததால் வந்த பிரச்சினை அல்ல, அவற்றைச் செயல்படுத்துவதில் உள்ள பிரச்சினை, அதாவது சட்டம் இருக்கிறது, ஆனால் அதை யாரும் நடைமுறைப்படுத்துவதில்லை என்பது பொருள்.

இதில் கருத்தைச் சுமக்கும் சொற்களான ஹகீகா, கவானீன், தன்ஃபீஸ், கானூன் எல்லாம் செய்தித்தாளில் நீங்கள் வாசிப்பவைதான். ஆனால் அவற்றைக் கோக்கும் சிறு சொற்கள் அனைத்தும் கெய்ரோவுக்கு உரியவை. 'இந்த' என்பதற்கு ஹாதிஹி வராமல், பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் 'தி' வருகிறது. 'அல்ல' என்பதற்கு லைசத் வராமல் 'மிஷ்' வருகிறது. சொல்லிறுதியில் வேற்றுமை உயிர்கள் எவையும் இல்லை. கடைசி வினைச்சொல் இன்னும் நுட்பமானது: 'நஃப்பிஸ்' என்பது எழுத்துமொழியிலிருந்து வந்த வினை, அதன் தலையில் உள்ள 'பி', நிகழ்காலம் காட்டும் பேச்சுமொழி முன்னொட்டு. இரு மொழிநிலைகள் ஒரே சொல்லுக்குள் இப்படிக் கூடுவது நமக்கும் பழக்கமானதுதான். 'பரிசீலிச்சிட்டு இருக்காங்க' என்று நாம் சொல்லும்போது வேர் எழுத்துத் தமிழிலிருந்தும் விகுதி வாய்ப்பேச்சிலிருந்தும் வருகின்றன.

முக்கியமான விதி இங்கேதான் இருக்கிறது. இந்தக் கூட்டு ஒரு திசையில் மட்டுமே எளிதாக நடக்கும். பேச்சுமொழியின் ஒட்டும் இடைச்சொல்லும் ஃபுஸ்ஹாச் சொல்லை ஏற்றுக்கொள்கின்றன. ஃபுஸ்ஹாவின் இடைச்சொல் பேச்சுவினையை ஏற்பதில்லை. 'எவர்', 'எது' என்று தொடரை இணைக்கும் பேச்சுச் சொல்லான 'இல்லி'க்குப் பின்னால் முழு எழுத்துமொழி வினை வந்தாலும் எவரும் புருவம் உயர்த்த மாட்டார்கள். ஆனால் அதற்கு நிகரான ஃபுஸ்ஹாச் சொல் 'அல்லதீ'. அதையடுத்து 'பிய்ஊல்' (சொல்கிறார்) என்ற பேச்சுவினையைப் போட்டால் வாக்கியம் உடைந்து கேட்கும். எதிர்கால மறுப்பான 'லன்' வந்துவிட்டால், அடுத்த வினையும் ஃபுஸ்ஹாவாகத்தான் இருந்தாக வேண்டும். கற்பவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான்: பேச்சுவினைகளைப் புதிதாகக் கற்றுக்கொண்டு, பழைய பாடப்புத்தகத்தின் இடைச்சொற்களையும் விடாமல் வைத்திருப்பார்கள்.

ஒலியையும் சற்றுக் கூர்ந்து கேளுங்கள். கெய்ரோவில் காஃப் என்ற எழுத்து பொதுவாகத் தொண்டை அடைப்பாக மாறிவிடும். கஹ்வா அங்கே அஹ்வா, கல்பு அங்கே அல்பு. ஆனால் கானூன், குர்ஆன், அல்-காஹிரா (கெய்ரோவின் அரபுப் பெயர்) போன்ற சொற்களில் காஃப் அப்படியே ஒலிக்கும். எழுத்துமொழியின் 'ஸா' (நாக்கு நுனியைப் பல்லிடையில் வைத்து ஒலிப்பது) அன்றாடச் சொற்களில் 'த' ஆகிவிடுகிறது. மூன்று என்பதற்கு 'தலாதா' என்கிறார்கள். பண்பாட்டைக் குறிக்கும் சொல்லிலோ அதுவே 'ஸ' ஆகி 'ஸகாஃபா' என்று கேட்கிறது. ஆகவே 'ஸகாஃபா' ஃபுஸ்ஹாவை ஒலிக்கத் தெரியாததால் வந்த பிழையன்று. எழுத்துமொழியிலிருந்து இறங்கி வந்த சொல் என்பதற்கு அதுவே அடையாளம். தொண்டை அடைப்பைக் கற்றுக்கொண்ட உற்சாகத்தில் குர்ஆனில் உள்ள காஃபையும் மாற்றிவிடாதீர்கள்.

சில இடங்களில் பேச்சாளர் முழு வாக்கியத்தையே ஃபுஸ்ஹாவுக்கு ஏற்றுகிறார்: வரையறை கூறும்போது, சட்டத்தையோ மறைநூலையோ மேற்கோள் காட்டும்போது, முடிவை அழுத்திச் சொல்லும்போது. உடனே 'யஅனி' என்று தொடங்கி, அதே கருத்தைப் பேச்சுமொழியில் விளக்குவார். இந்த ஏற்றஇறக்கத்துக்குச் சிறந்த பாடம் ஜமால் அப்துல் நாசரின் உரைகள். 1956 ஜூலை 26 அன்று அலெக்சாந்திரியாவில் சூயஸ் கால்வாயை நாட்டுடைமையாக்கிய உரையில், உலக வங்கியின் யூஜின் பிளாக்கைச் சந்தித்த கதையைப் பேச்சுமொழி கலந்து, கூட்டத்தோடு உரையாடுவதுபோல் சொல்கிறார். ஆணையின் வாசகத்தையோ சுத்தமான ஃபுஸ்ஹாவில் வாசிக்கிறார். ஒலிப்பதிவு கிடைக்கிறது. மொழி மாறும் இடங்களில் குரலின் வேகமும் மாறுவதைக் கவனியுங்கள்.

இந்த ஏற்றத்தை இப்போதைக்கு நீங்கள் பின்பற்ற வேண்டாம் என்பதே என் கருத்து. முழு ஃபுஸ்ஹா வாக்கியத்தைச் சரியான இடத்தில் எழுப்ப, அவையின் மனநிலையை அறிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் செய்தி வாசிப்பதுபோல் ஆகிவிடும். தாராளமாகப் பின்பற்றத்தக்கவை உறைந்த தொடர்கள்: 'பின்னிஸ்பா லி' (இதைப் பொறுத்தவரை), 'அலா சபீலில் மிஸால்' (எடுத்துக்காட்டாக), 'மிந் நாஹ்யா தானியா' (மறுபுறம்). 'மஸலன்', 'தப்அன்' போன்றவற்றின் 'அன்' இறுதியையும் அப்படியே வைத்துக்கொள்ளலாம். வேற்றுமை இறுதிகளில் அன்றாடப் பேச்சில் பிழைத்திருப்பது ஏறக்குறைய அது மட்டுமே. உங்கள் இரண்டு ஆண்டுப் படிப்பு வீணாகவில்லை. சொற்கள் கைவசம் உள்ளன. இப்போது வேண்டியவை தா, தி, தூல், இல்லி, மிஷ், பி, ஹ என்ற கையளவு இடைச்சொற்களும் ஒட்டுகளும்தான். மொராக்கோவுக்கோ வளைகுடாவுக்கோ போனால் இந்தப் பட்டியல் மாறும் என்பதால், ஒரே நகரத்தின் பட்டியலைப் பிடித்துக்கொண்டு பழகுங்கள்.

பயிற்சிக்கு இரண்டு நிமிட நேர்காணல் துண்டு ஒன்று போதும். அதை எழுத்தில் பெயர்த்து, மறுப்புச் சொற்கள், சுட்டுச் சொற்கள், இல்லி வரும் இடங்கள் ஆகியவற்றுக்குக் கீழே கோடிடுங்கள். பிறகு செய்தித்தாளிலிருந்து மூன்று வாக்கியங்களை எடுத்து, பெயர்ச்சொற்களைத் தொடாமல் இடைச்சொற்களை மட்டும் மாற்றி உரக்கச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். பதிவை ஓர் எகிப்தியரிடம் போட்டுக் காட்டுங்கள். அவர் உங்கள் கருத்துக்குப் பதில் சொன்னால் கலப்பு சரியாக அமைந்திருக்கிறது. உங்கள் அரபைப் பாராட்டத் தொடங்கினால், ஃபுஸ்ஹாவின் இடைச்சொல் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று மறுபடி தேடிப் பாருங்கள்.